ஸ்டடி ஹாலுக்கு விளம்பரம் எழுதுவது எப்படி: அமைதி, மேசை, நேரம், கட்டணம்

மதுரையில் கோரிப்பாளையத்துக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு மாடி வீட்டின் முதல் தளத்தில் 22 சீட் கொண்ட ஸ்டடி ஹால் ஒன்றை நடத்தி வருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள், மீதி வங்கித் தேர்வு, ஆசிரியர் தேர்வு, ஒன்றிரண்டு பேர் யுபிஎஸ்சி. ஹாலைத் திறந்த புதிதில் நான் அடித்த நோட்டீஸில் நாலே வரிதான் இருந்தது: அமைதியான சூழல், விசாலமான இடம், நீண்ட நேரம், குறைந்த கட்டணம். கீழே போன் நம்பர். அந்த நாலு வரியைப் படித்துவிட்டு நாளுக்குப் பத்து போன் வந்தது, பத்திலும் ஒரே கேள்விகள்தான். "அண்ணே, எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" "ஏசி எப்பவும் ஓடுமா?" "மேசையில புக்கை வச்சிட்டுப் போலாமா?" "பொண்ணுங்க இருக்காங்களா சார், நைட்டு எத்தனை மணி வரைக்கும்?" அதாவது, என் நோட்டீஸ் எதையும் சொல்லவில்லை.

அதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. தேனிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தார், குரூப் 4 தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. 'அமைதியான சூழல்' என்று எழுதியதை நம்பி மாதப் பணம் கட்டிவிட்டார். மூன்றாவது நாள் முகூர்த்த நாள், பின்தெருவில் இருக்கிற மண்டபத்தில் காலை ஐந்தரைக்கே மேளம். அடுத்த நாளும் முகூர்த்தம். அவர் வந்து சண்டை எதுவும் போடவில்லை, "முன்னாடியே சொல்லியிருந்தா நான் சாயங்கால ஷிஃப்ட் எடுத்திருப்பேன்" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது சரிதான். மண்டபம் இருப்பது எனக்குத் தெரியும், ஆனால் எழுதவில்லை. அதற்குப் பிறகு நோட்டீஸைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதி, இப்போது ஒரு வடிவத்துக்கு வந்திருக்கிறேன். அந்த வடிவத்துக்கு எப்படி வந்தேன் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். ஸ்டடி ஹால் வைத்திருப்பவர்களுக்கும், வீட்டு மாடியில் ஓர் அறையைத் தேர்வர்களுக்கு வாடகைக்கு விடலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இது பயன்படும்.

முதலில்: அவர் எதற்காகக் காசு கொடுக்கிறார்?

எழுத உட்காரும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். என் ஹாலுக்குப் பக்கத்திலேயே, புதுநத்தம் சாலையில், 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. நல்ல கட்டடம், லட்சக்கணக்கில் புத்தகம், உள்ளே உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது. சென்னையில் என்றால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010-லிருந்து இருக்கிறது. அப்படியிருக்க ஒருவர் மாதம் ஆயிரத்துச் சொச்சம் கட்டி நம்மிடம் ஏன் வர வேண்டும்?

இதை நான் யூகிக்கவில்லை, வந்தவர்களிடமே கேட்டேன். மூன்று பதில் வந்தது. ஒன்று, தினமும் அதே இடம். போய் இடம் தேட வேண்டாம், புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். இரண்டு, நூலகம் திறப்பதற்கு முன்னாலும் மூடிய பின்னாலும் உட்கார முடியும். மூன்றாவது பதிலை நான் எதிர்பார்க்கவில்லை: பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரிந்திருக்கும், அவரும் தேர்வுக்குப் படிக்கிறவர், வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை. 'அமைதி' என்று ஒருவர்கூட முதலில் சொல்லவில்லை, ஏனென்றால் நூலகத்திலும் அமைதி உண்டு. ஆகவே விளம்பரத்தின் முதல் வரியில் அமைதியைப் போடாமல், உங்களுக்கென ஒரு நிரந்தர மேசை, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை, இவ்வளவு கட்டணம் என்று போடுங்கள். அமைதி இரண்டாவது பத்தியில் வரட்டும், ஆனால் அதைத்தான் மிகக் கவனமாக எழுத வேண்டும்.

படி 1: ஒரு முழு நாள் ஹாலில் உட்கார்ந்து சத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் 'அமைதி' என்ற சொல்லை எழுதாதீர்கள். ஒரு வார நாள், ஒரு ஞாயிறு, ஒரு முகூர்த்த நாள் என்று மூன்று நாள் பார்க்க வேண்டும். ஜன்னலை மூடி, ஃபேனைப் போட்டு, வாடகைக்கு வருகிறவர் உட்காரப்போகிற நாற்காலியிலேயே உட்காருங்கள். கல்லாவில் உட்கார்ந்தால் தெரியாது. ஒரு தாளில் மணியைப் போட்டு, கேட்டதை எழுதுங்கள். என் தாளில் இருந்தவற்றில் சில: காலை 5.30 முகூர்த்த நாளில் மண்டபம்; 8.15 முதல் 9 வரை பள்ளி வேன்கள், ஹாரன். 11 மணி வாக்கில் தெருவில் காய்கறி வண்டியின் ஸ்பீக்கர், இரண்டு நிமிடம். மாலை 4 மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். அப்புறம் இரவு வரை பெரிதாக ஒன்றும் இல்லை.

போனில் சத்தம் அளக்கும் ஆப் இருக்கிறது, அதைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அது காட்டும் எண்ணை விளம்பரத்தில் போடாதீர்கள், போனுக்குப் போன் மாறும். ஒரே போனில், ஒரே மேசையில், வேறு வேறு நேரத்தில் பார்த்து எது மோசமான நேரம் என்று ஒப்பிட்டுக்கொள்வதற்கு மட்டும் அது உதவும். எந்த மேசைக்கு எவ்வளவு சத்தம் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. தெருவைப் பார்த்த ஜன்னலோர நாலு மேசைகளுக்கும் உள்பக்கச் சுவரோர மேசைகளுக்கும் காதுக்கே வித்தியாசம் தெரியும்.

வெளிச் சத்தத்தில் நம் கையில் இருப்பது குறைவு. இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, ஆனாலும் விதியில் விலக்கு தரும் நாட்கள் உண்டு, விதியை மதிக்காத தெருக்களும் உண்டு. அதை நம்பி 'இரவில் முழு அமைதி' என்று எழுதிவிடாதீர்கள்.

உள்ளே வரும் சத்தம் வேறு கதை, அது முழுக்க நம் பொறுப்பு. எந்தச் சத்தம் படிக்கிறவரை அதிகம் தொந்தரவு செய்கிறது என்று கவனித்தால் பேச்சைவிட மற்றவைதான் அதிகம். மர மேசைமேல் கிடக்கிற போன் வைப்ரேட் ஆனால் அந்த வரிசை முழுக்கக் கேட்கும். நாற்காலியை இழுத்தால் கிரீச் என்கும். காலுக்கு ரப்பர் புஷ் போட்டேன், எல்லா நாற்காலிக்கும் சேர்த்துப் பெரிய செலவில்லை, ஹாலே மாறியது போல இருந்தது. ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் முனகுகிற பழைய ஃபேன் ஒன்று இருந்தது, அதன் கீழே யாரும் உட்காரவில்லை, எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. அப்புறம் இயர்போன். போட்டிருப்பவருக்கு வெளியே கேட்கிறதென்றே தெரியாது, பக்கத்து மேசைக்காரருக்கு ஆன்லைன் வகுப்பு முழுதும் கொசுச் சத்தம் மாதிரி கேட்டுக்கொண்டிருக்கும்.

இதில் நிறையப் பேர் கோட்டை விடுகிற இடம் வாய்விட்டுப் படிப்பது. குரூப் 4 தாளில் 200 கேள்வியில் 100 தமிழ். குறளும் இலக்கணமும் நூலாசிரியர் பெயர்களும் மனப்பாடம் பண்ண வேண்டியிருக்கிறது, நம் பிள்ளைகளில் பலருக்கு வாயில் சொன்னால்தான் மனதில் நிற்கும். 'சத்தம் போடக் கூடாது' என்று மட்டும் எழுதினால் அவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுப்பு பேச்சைவிட மோசம். அதனால் வாய்விட்டுப் படிக்க ஓர் இடம் ஒதுக்குங்கள், அதை விளம்பரத்திலேயே சொல்லுங்கள். எனக்கு மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது, அதில் இரண்டு பெஞ்சும் ஒரு விளக்கும் போட்டேன். மதியம் தகரம் காயும், யாரும் போக மாட்டார்கள். காலையிலும் சாயங்காலமும் அங்கே எப்போதும் இரண்டு மூன்று பேர் நடந்துகொண்டே படிப்பார்கள்.

இப்போது எழுதலாம். 'பின் டிராப் சைலன்ஸ்' என்று எழுதுவதற்குப் பதிலாக நான் எழுதியது இது:

> ஹாலுக்குள் பேச்சு, போன், வாய்விட்டுப் படித்தல் கிடையாது. போன் சைலண்டில் பைக்குள் இருக்க வேண்டும். வாய்விட்டுப் படிக்க மாடியில் தனி இடம் உண்டு. காலை 8.15–9 பள்ளி வேன் சத்தம் கேட்கும். பின்தெருவில் மண்டபம் இருப்பதால் முகூர்த்த நாட்களில் காலை 9 வரை மேளச் சத்தம் இருக்கும்.

கடைசி வரியைப் போட்டதும் ஆள் குறையும் என்று வீட்டில் பயந்தார்கள். குறையவில்லை. அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் "முகூர்த்த நாளுக்கு லேட்டா வர்றேண்ணே" என்று தாங்களே திட்டம் போட்டுக்கொண்டார்கள். சேர்ந்து மூன்றாம் நாள் பணத்தைத் திருப்பிக் கேட்பது மட்டும் நின்றுவிட்டது.

படி 2: மேசையை அளந்து எழுதுங்கள்

'விசாலமான மேசை' என்றால் ஆளுக்கொரு அர்த்தம். டேப்பை எடுத்து அகலம், ஆழம், உயரம் மூன்றையும் அளந்து அடிக்கணக்கில் போடுங்கள். என்னுடையது 3 அடி அகலம், 2 அடி ஆழம், உயரம் இரண்டரை அடி. இந்த 3 அடிக்கு ஒரு காரணம் இருக்கிறது. முதலில் ஒரு வரிசைக்கு 2 அடி அகல மேசைதான் போட்டிருந்தேன், அதில் நாளிதழை விரித்தால் இரண்டு ஓரமும் மேசைக்கு வெளியே தொங்கும். காலையில் வந்ததும் முதல் ஒரு மணி நேரம் பேப்பர் படித்துக் குறிப்பெடுக்கிறவர்களுக்கு அது பெரிய எரிச்சல். இரண்டு புத்தகமும் ஒரு நோட்டும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைக்கவும் 2 அடி போதாது. மெயின்ஸ் எழுதிப் பழகுகிறவருக்கு முழங்கை ஊன்ற இடம் வேண்டும், மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதினால் அது தெரியும். அந்த வரிசையை மாற்றியதில் ஹாலில் நாலு சீட் குறைந்தது, ஆனாலும் நான் வருத்தப்படவில்லை.

மேசையோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை: மேசைக்கு மேசை தடுப்பு இருக்கிறதா, உட்கார்ந்தால் தலை மறையுமா, அல்லது கண் மட்டம் வரைதானா, ஒவ்வொரு மேசைக்கும் தனி பிளக் பாயின்ட்டா, இரண்டு பேருக்கு ஒன்றா, விளக்கு மேலே பொதுவாகவா, மேசைக்குத் தனியாகவா. விளக்கு தலைக்குப் பின்னால் இருந்தால் எழுதுகிற தாளில் சொந்த நிழலே விழும், இதை வந்து உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். நீங்கள் முதலில் உட்கார்ந்து பார்த்து, நிழல் விழும் மேசைகளுக்கு ஒரு சின்ன எல்இடி விளக்கு போட்டுவிட்டு, பிறகு 'மேசைக்குத் தனி விளக்கு' என்று எழுதுங்கள். நாற்காலியைப் பற்றியும் ஒரு வரி போதும்: குஷனா, பிளாஸ்டிக்கா, கை வைத்ததா. பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக் என்றே எழுதுங்கள், சிலர் வீட்டிலிருந்து தலையணை கொண்டு வந்துவிடுவார்கள், பிரச்சினை இல்லை.

மேசை விஷயத்தில் சண்டை வருவது ஒரே ஒரு இடத்தில்தான், புத்தகத்தை விட்டுவிட்டுப் போகலாமா என்பதில். முழு நாள் சீட்டுக்கு மேசை அவருக்கே, புத்தகம் அங்கேயே இருக்கலாம். அரை நாள் சீட் கொடுத்தால் ஒரே மேசையில் காலையில் ஒருவர், மதியத்துக்குப் பிறகு ஒருவர். முதல் ஆள் 2 மணிக்கு மேசையைக் காலி செய்தாக வேண்டும். இதை எழுதாமல் விட்டு, ஒருவரின் குறிப்பு நோட்டை இன்னொருவர் எடுத்து ஓரமாக வைக்கப்போய் ஒரு தாள் கிழிந்து, அன்றைக்கு நடந்த வாக்குவாதத்தில் ஹாலில் யாராலும் படிக்க முடியவில்லை. இப்போது என் நோட்டீஸில் 'முழு நாள்: நிரந்தர மேசை. அரை நாள்: மேசை பகிர்வு, புத்தகம் வைக்க லாக்கர்' என்று தெளிவாக இருக்கிறது.

படி 3: நேரம் என்றால் கதவு திறக்கிற நேரம்

'காலை 6 முதல் இரவு 10 வரை' என்று எழுதினால், ஆறு மணிக்குக் கதவு திறந்து, விளக்கு எரிந்து, மேசை துடைத்திருக்க வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது, அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் திறப்பார் என்பதற்கு விடை தெரிந்த பிறகு அந்த எண்ணை எழுதுங்கள். உங்களால் ஆறரைக்குத்தான் திறக்க முடியும் என்றால் ஆறரை என்றே போடுங்கள். படிக்கிறவர் ஐந்து மணிக்கு எழுந்து குளித்து டீ குடித்து வந்து வாசலில் இருபது நிமிடம் நின்றால், அன்றைய காலைப் படிப்பு போச்சு.

24 மணி நேரம் என்று எழுதுகிற ஹால்கள் நிறைய உண்டு. இரவு முழுக்க ஓர் ஆள் பொறுப்பில் இருந்தால் எழுதலாம், அப்படி ஆள் இல்லாமல் சாவியைத் தேர்வர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு 24 மணி நேரம் என்று எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்ன நடந்தாலும் பொறுப்பு நம்முடையது.

இன்னொன்று, ஹாலைக் கூட்டுகிற நேரம், தண்ணீர் கேன் வருகிற நேரம், கழிப்பறை கழுவுகிற நேரம். டிஎன்பிஎஸ்சி தேர்வு பெரும்பாலும் காலை 9.30 முதல் 12.30 வரை, யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வு 9.30 முதல் 11.30, பிறகு 2.30 முதல் 4.30. தேர்வு நெருங்கும்போது இவர்கள் அதே நேரத்தில் கடிகாரம் வைத்து மாதிரித் தேர்வு எழுதிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் துடைப்பத்தோடு உள்ளே போகக் கூடாது. நான் கூட்டுவதைக் காலை 5.30-க்கும், கழிப்பறை கழுவுவதை மதியம் 1 மணிக்கும் மாற்றிவிட்டு, நோட்டீஸில் ஒரு வரி சேர்த்தேன்: 'காலை 9.30–12.30 மாதிரித் தேர்வு நேரம், இடையில் கதவு திறந்து மூடுவதைத் தவிர்க்கவும்.' கோச்சிங் சென்டருக்குப் பக்கத்தில் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் அந்த நோட்டீஸை ஒட்டியிருந்தேன், அந்த ஒரு வரிக்காகவே வந்தேன் என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

பெண்கள் வருகிற ஹாலாக இருந்தால் நேரத்தை அப்பாக்களும் படிப்பார்கள் என்று நினைத்து எழுதுங்கள். எனக்கு வரும் போன்களில் பாதி அப்பா, அண்ணன்களிடமிருந்துதான். பெண்களுக்குத் தனி வரிசை எத்தனை சீட், கழிப்பறை தனியா, இரவு மூடும் வரை பெண் பொறுப்பாளர் இருப்பாரா, பஸ் ஸ்டாப் எத்தனை நிமிட நடை, தெரு விளக்கு எரிகிறதா, கேமரா எங்கே இருக்கிறது (வாசலிலும் படியிலும் மட்டும், ஹாலுக்குள் இல்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும்). என் மனைவி இரவு 8.30 வரை இருப்பார், அதற்கு மேல் நான் மட்டும். அதை அப்படியே எழுதிவிட்டோம். எட்டரைக்கு மேல் இருக்க விரும்பும் பெண்கள் வீட்டில் பேசி முடிவு செய்து வருகிறார்கள்.

விடுமுறை நாட்களையும் முன்கூட்டியே போடுங்கள். பொங்கல், தீபாவளி எல்லோரும் போடுவார்கள். எங்கள் பகுதிக்கு மட்டும் இன்னொன்று இருக்கிறது: சித்திரையில் எதிர்சேவையும் அழகர் ஆற்றில் இறங்குவதும். அந்த இரண்டு நாளும் கோரிப்பாளையம் பக்கம் வண்டி வர முடியாது, விடிய விடியக் கூட்டமும் சத்தமும் இருக்கும். திறந்து வைத்துப் பயனில்லை, அதனால் ஹால் விடுமுறை, அந்த இரண்டு நாளுக்குப் பதில் மாதக் கடைசியில் இரண்டு நாள் கூட்டிக் கொடுக்கிறோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு திருவிழா இருக்கும், அதை வெளியூரிலிருந்து வந்து சேர்கிற பிள்ளைக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

படி 4: கட்டணம், முதல் நாள் கையில் எவ்வளவு வேண்டும் என்பதிலிருந்து

'மாதம் ரூ.1,300 மட்டுமே' என்று போட்டுவிட்டு, வந்தவரிடம் டெபாசிட் 500, லாக்கர் 100 என்று அடுக்கினால் அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். வேலைக்குப் போகாமல் படிக்கிறவர்கள், வீட்டில் கேட்டு வாங்கி வந்த பணம், கூடுதலாக 600 இருக்காது. ஆகவே மாதக் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே முதல் நாள் மொத்தத்தையும் எழுதுங்கள். என் கணக்கு: மாதம் 1,300, திருப்பித் தரும் டெபாசிட் 500, சேர்த்து 1,800. லாக்கர் வேண்டுமென்றால் இன்னொரு 100, அப்போது 1,900. இதற்கு மேல் எதுவும் இல்லை.

மாதம் என்பது எது என்றும் சொல்ல வேண்டும். 18-ஆம் தேதி சேர்ந்தவருக்கு அடுத்த மாதம் 17 வரையா, இந்த மாதக் கடைசி வரையா? சேர்ந்த தேதியிலிருந்து கணக்கு என்பதுதான் நியாயம், நமக்குத்தான் கணக்கு நோட்டு கொஞ்சம் சிக்கலாகும், பரவாயில்லை.

திருப்பிக் கொடுப்பது பற்றி எழுத நிறையப் பேர் தயங்குகிறார்கள். நான் எழுதியது இப்படி: முதல் மூன்று நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் நாளுக்கு 80 மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவோம். மூன்று நாள் உட்கார்ந்தவருக்கு 240 பிடித்தால், 1,800-இல் 1,560 கையில் கிடைக்கும். இந்தக் கணக்கையே நோட்டீஸில் போட்டேன், 'நிபந்தனைக்கு உட்பட்டது' என்ற வரியைவிட இது யாருக்கும் உடனே புரிகிறது. மூன்று நாளுக்கு மேல் மாதக் கட்டணம் திரும்பாது, டெபாசிட் மட்டும், ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும். 80 என்பது எங்கள் ஒரு நாள் கட்டணம்தான், ஆக யாருக்கும் நஷ்டமில்லை.

ஏசியை இங்கேதான் எழுத வேண்டும், வசதிப் பட்டியலில் எழுதினால் குழப்பம். 'ஏசி ஹால்' என்று பார்த்தவர் காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை ஓடும் என்று நினைப்பார். எங்களிடம் பகல் 11 முதல் 5 வரை, மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் விளக்கும் ஃபேனும் மேசை பிளக்கும் ஓடும், ஏசி ஓடாது. இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மெயின் சுவிட்சை அணைத்து, எல்லா ஃபேனையும் விளக்கையும் போட்டு, கடிகாரம் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் சொன்ன மணிக்கணக்கை எழுதாதீர்கள். எங்களுடையது இரண்டு பேட்டரி, புதிதில் நாலு மணி நேரம் வந்தது, இப்போது மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. நோட்டீஸில் இரண்டரை என்று இருக்கிறது.

படி 5: எல்லாவற்றையும் சேர்த்து எழுதுவது

எழுதும்போது வரிசை முக்கியம். முதலில் யாருக்கு, எங்கே. அடுத்து மேசை, நேரம், கட்டணம். அப்புறம் அமைதி விதிகளும் குறைகளும். கடைசியில் எப்போது வந்து பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்புகிற முழு வடிவம் இப்போது இப்படி இருக்கிறது:

> போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஸ்டடி ஹால், கோரிப்பாளையம் அருகே, முதல் தளம் (லிஃப்ட் இல்லை). மொத்தம் 22 சீட், அதில் 8 பெண்களுக்குத் தனி வரிசை.
>
> மேசை: 3 x 2 அடி, கண் மட்டம் வரை தடுப்பு, தனி விளக்கு, தனி பிளக். முழு நாள் சீட்டுக்கு நிரந்தர மேசை, புத்தகம் வைத்துச் செல்லலாம். அரை நாள் சீட்டுக்கு மேசை பகிர்வு.
>
> நேரம்: காலை 6 – இரவு 10, ஞாயிறு உட்பட. பெண் பொறுப்பாளர் இரவு 8.30 வரை. பஸ் ஸ்டாப் 6 நிமிட நடை.
>
> கட்டணம்: முழு நாள் மாதம் ரூ.1,300. அரை நாள் (6–2 அல்லது 2–10) ரூ.800. டெபாசிட் ரூ.500, திருப்பித் தரப்படும். லாக்கர் ரூ.100. முழு நாள் சீட்டுக்கு முதல் நாள் மொத்தம் ரூ.1,800, லாக்கருடன் ரூ.1,900. மூன்று நாளுக்குள் விலகினால் நாளுக்கு ரூ.80 போக மீதி திரும்ப. ஏசி 11–5, மார்ச் முதல் செப்டம்பர் வரை. கரண்ட் போனால் விளக்கு, ஃபேன், பிளக் இரண்டரை மணி நேரம்.
>
> உள்ளே பேச்சு, போன் கிடையாது. வாய்விட்டுப் படிக்க மாடியில் இடம் உண்டு. காலை 8.15–9 வேன் சத்தம். முகூர்த்த நாளில் 9 வரை மேளம் கேட்கும். சாப்பாடு கிடையாது, கொண்டு வந்து கீழ்த்தள வராந்தாவில் சாப்பிடலாம்.
>
> பணம் கட்டும் முன் ஒரு நாள் காலை 8 முதல் 10 வரை இலவசமாக உட்கார்ந்து பாருங்கள்.

கடைசி வரியில் 8 முதல் 10 என்று போட்டதற்குக் காரணம் உண்டு. வேன் சத்தம் வருவது அப்போதுதான். மோசமான நேரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேர்கிறவர் பிறகு குறை சொல்வதில்லை.

சுவரில் ஒட்டுகிற நோட்டீஸுக்கு இவ்வளவு ஆகாது. நின்று படிக்கிறவருக்கு மேசை அளவு, நேரம், முதல் நாள் மொத்தம், வந்து பார்க்கும் நேரம், இந்த நாலும் பெரிய எழுத்தில் போதும், மீதிக்கு வாட்ஸ்அப் நம்பர். படம் போடுவதாக இருந்தால் காலி ஹாலின் படம் வேண்டாம். ஒரே ஒரு மேசையை, மேலே ஒரு நாளிதழை விரித்து வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்ணிலிருந்து எடுத்த படம் போடுங்கள். படிக்கிறவர்களின் முகம் தெரியும் படத்தை அவர்களிடம் கேட்காமல் போடவே கூடாது, வீட்டுக்குச் சொல்லாமல் படிக்க வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

படி 6: வருகிற போனைக் கேட்டுத் திருத்துங்கள்

போன் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியையும் எழுதுங்கள். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால் அது நோட்டீஸில் இல்லை அல்லது புரியும்படி இல்லை. எனக்கு அப்படிச் சேர்ந்தவைதான் 'லிஃப்ட் இல்லை' என்பதும் 'சாப்பாடு கிடையாது' என்பதும். காலில் குறைபாடு உள்ள ஒருவர் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து படியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்த நாலு எழுத்தை முன்பே போட்டிருந்தால் அவருக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

நிலைமை மாறினால் அன்றைக்கே திருத்த வேண்டும், ஏற்கெனவே சேர்ந்திருப்பவர்களுக்கும் அதே நாளில் தெரிவிக்க வேண்டும். போன மாதம் பக்கத்து மனையில் வீடு கட்ட ஆரம்பித்தார்கள், பகலில் கம்பி வெட்டுகிற மிஷின் சத்தம். வீட்டுக்காரரிடம் போய்ப் பேசியதில் காலை பத்துக்கு முன்னால் மிஷின் போடுவதில்லை என்று ஒத்துக்கொண்டார், அதற்கு மேல் அவரைக் கேட்க முடியாது. வாட்ஸ்அப் நோட்டீஸில் முதல் வரிக்குக் கீழேயே சேர்த்தேன்: 'பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறது, காலை 10 – மாலை 5 சத்தம் இருக்கும், வேலை முடியும் வரை முழு நாள் சீட் ரூ.1,000.' சேர்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் கிளம்பினார்கள், மீதி நாளுக்குக் கணக்குப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். மற்றவர்கள் காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் ஐந்துக்குப் பிறகும் வருகிறார்கள், பகலில் நூலகத்துக்குப் போய்விடுகிறார்கள், மேசையில் அவர்கள் புத்தகம் அப்படியே இருக்கிறது.